கடல் நிறம்: ஒளி எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது

கேள்வி: எல்லாக் கடலும் ஒரே உப்புத் தண்ணீர்தானே? லட்சத்தீவில் நீலமாக இருக்கிறது, சில இடங்களில் பச்சையாக இருக்கிறது. மும்பையில் மட்டும் ஏன் இப்படிப் பழுப்பு? சாக்கடை கலப்பதாலா?

போன டிசம்பரில் என் அண்ணன் மகன் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தான். பத்தாம் வகுப்புப் பையன். மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் பையை வைத்த கையோடு கடல் பார்க்க வேண்டும் என்றான். மரைன் டிரைவுக்குக் கூட்டிப்போனேன். சுவரில் உட்கார்ந்து ரெண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, சாக்கடைத் தண்ணி மாதிரில்லா இருக்கு?" என்றான்.

"இல்லல, அது மண்ணு" என்றேன். அவன் நம்பவில்லை. அதனால் அவனுக்குச் செய்துகாட்டியதையே உங்களுக்கும் சொல்கிறேன். இந்தக் கரையோரத்தில் படகில் போய்க் கடல்நீர் எடுத்து அளப்பது பதினாறு வருடமாக என் வேலை. இங்கே நான் கையில் எடுத்த தண்ணீரில் பெரும்பகுதி பழுப்புத்தான்.

முதலில் வானத்தை ஒதுக்கிவிடலாம். கடல் நீலமாக இருப்பதற்குக் காரணம் அதில் வானம் தெரிவதுதான் என்று பள்ளியில் பலரும் கேட்டிருப்போம். ரேலி போன்ற பெரிய இயற்பியலாளரே அப்படித்தான் நினைத்தார். 1921இல் இங்கிலாந்திலிருந்து எஸ்.எஸ். நர்குண்டா கப்பலில் திரும்பிய சர் சி.வி. ராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து அதைச் சோதிக்க நினைத்தார். நிக்கோல் பட்டகம் என்ற ஒரு சிறு கருவி அவரிடம் இருந்தது. நீரின் மேல் பட்டுத் தெறிக்கும் ஒளியை, சரியான கோணத்தில் பிடித்தால், அது தடுத்துவிடும். வானத்தின் பிம்பத்தை அப்படி நீக்கிவிட்டுப் பார்த்தபோது கடலின் நீலம் குறையவில்லை, இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது. நீருக்குள் போன ஒளிதான் நீலமாகத் திரும்பி வருகிறது என்று அவர் எழுதிய குறிப்பு, 1921 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற அந்தக் கப்பலிலிருந்தே 'நேச்சர்' இதழுக்குப் போனது. திருச்சிக்காரர் ஒருவர் கடல் நிறத்தைப் பற்றி எழுதிய கடிதம் நம் மும்பைக் கரையிலிருந்து புறப்பட்டது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். போலராய்டு குளிர்கண்ணாடி ஒன்று போதும். காலடியில் இருக்கும் தண்ணீரையும் பார்க்காமல் தொடுவானத்தையும் பார்க்காமல், இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் கீழ்நோக்கிப் பாருங்கள். கண்ணாடியைக் கண் முன்னால் மெல்லத் திருப்பினால் ஒரு நிலையில் பளபளப்பு சட்டென்று மறையும். மரைன் டிரைவில் அண்ணன் மகன் அப்படித்தான் பார்த்தான். மினுமினுப்பு போனது, பழுப்பு அப்படியே இருந்தது. அது நீருக்குள்ளிருந்து வரும் நிறம். வானம் கடலின் நிறத்தை மாற்றாது என்றும் சொல்ல முடியாது. மேகமூட்டமான ஜூலை மாலையில் தொலைவில் பார்த்தால் எந்தக் கடலும் சாம்பல்தான். ஆனால் இடத்துக்கு இடம் நிறம் மாறுவதை வானத்தால் விளக்க முடியாது.

இனி தண்ணீருக்கு வருவோம். தண்ணீருக்கு நிறமே இல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்கு மிக வெளிறிய நீல நிறம் உண்டு. நீர் மூலக்கூறு அதிரும் விதம் அப்படி, சிவப்பு ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டே இருக்கும். பச்சையை மெதுவாகவும் நீலத்தை மிக மிக மெதுவாகவும் விழுங்கும். ஒரு டம்ளரில் இது கண்ணுக்குத் தெரியாது. ஒளி எவ்வளவு தூரம் நீருக்குள் நடந்தது என்பதைப் பொறுத்துத்தான் நிறம் தெரியும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். மண், பாசி எதுவும் இல்லாத சுத்தமான நீரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் நூறு நூறு பங்காக அனுப்புகிறோம் என்று வையுங்கள். ஒரு மீட்டர் தூரம் நடந்தபின் சிவப்பில் சுமார் 71 பங்கு மிஞ்சும். பச்சையில் 94, நீலத்தில் 99. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. இப்போது லட்சத்தீவின் காயல் போல மூன்று மீட்டர் ஆழம், அடியில் வெள்ளைப் பவள மணல். ஒளி கீழே மூன்று மீட்டர் போய், மணலில் பட்டு, மேலே மூன்று மீட்டர் வர வேண்டும். மொத்தம் ஆறு மீட்டர். சிவப்பில் 13 பங்குதான் மிஞ்சும், பச்சையில் 71, நீலத்தில் 95. சிவப்பு போய், பச்சையும் நீலமும் சேர்ந்து வந்தால் அதுதான் சுற்றுலாப் படங்களில் நாம் பார்க்கும் பளிச்சென்ற பச்சைநீலம். அந்த மணல் வெள்ளையாக இல்லாவிட்டால் இவ்வளவு ஒளி திரும்பியே வராது. அதே காயலில் கடற்புல் வளர்ந்த இடங்கள் கருத்துத் தெரிவது அதனால்தான்.

அந்தத் தீவின் பவளப்பாரைத் தாண்டி வெளியே போனால் கடல் சட்டென்று ஆழமாகிறது. தரை கண்ணுக்கு எட்டாது. நீர் மூலக்கூறுகளே ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்க, அதில் ஒரு சின்னப் பங்கு மேல்நோக்கித் திரும்புகிறது. அந்த ஒளி இருபது முப்பது மீட்டர் கீழே போய் வந்தது. போகவர நாற்பது மீட்டர் என்று வைத்தால் சிவப்பு துளியும் இல்லை, பச்சையில் 10 பங்கு, நீலத்தில் இன்னும் 69 பங்கு. சிதறலும் நீலத்துக்கே சாதகமாக இருக்கிறது. ராமன் சிதறலைத்தான் முன்னிறுத்தினார். சிவப்பைத் தண்ணீர் விழுங்குவதையும் அதோடு சேர்த்தால்தான் ஆழ்கடலின் அந்தக் கருநீலம் முழுமையாகப் புரிகிறது. அங்கே திரும்பி வரும் ஒளி மிகக் குறைவு என்பதும் முக்கியம். உள்ளே போனதில் பெரும்பகுதி ஆழத்திலேயே கரைந்துவிடுகிறது. அதனால்தான் அந்த நீலம் இருண்டிருக்கிறது.

மும்பையில் இதற்கு நேர் எதிராக நடக்கிறது. இங்கே ஒளி உள்ளே போகவே முடிவதில்லை.

நாங்கள் படகில் செக்கித் தட்டு என்ற ஒன்றை வைத்திருப்போம். வெள்ளைத் தட்டு, நடுவில் அளவு குறித்த கயிறு, அடியில் ஒரு எடை. செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865இல் செய்துபார்த்த முறை, இன்றுவரை மாறவில்லை. படகின் நிழல் விழும் பக்கமாக மெதுவாக இறக்கி, தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். தெளிந்த ஆழ்கடலில் இருபது முப்பது மீட்டர் வரை தட்டு தெரியும். மும்பைக் கரையருகே, அமாவாசையை ஒட்டிய ஒரு நாளில் நான் இறக்கியபோது நாற்பது சென்டிமீட்டரில் மறைந்தது. நீட்டிய கை முழங்கையைத் தாண்டினால் விரல் தெரியாது என்று அர்த்தம்.

இதை மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். ஒளி அரை மீட்டர் போவதற்குள் மண் துகளில் மோதித் திரும்பிவிடுகிறது. மொத்தப் பயணமே ஒரு மீட்டருக்குள் முடிகிறது. அந்தத் தூரத்தில் தண்ணீரால் சிவப்பை விழுங்க முடியவில்லை. நீலத்தையோ துகள்களே தின்றுவிடுகின்றன. இந்த மண் தக்காணத்தின் கரும்பாறையும் செம்புரையும் தேய்ந்து வந்தது, இரும்பு நிறைந்தது. இரும்புத் துரு ஏன் செம்பழுப்பாக இருக்கிறதோ அதே காரணத்தால் அது நீலத்தை உறிஞ்சிவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது. ஆக நாம் பார்க்கும் பழுப்பு தண்ணீருடையதல்ல, மண்ணுடையது. தண்ணீருக்குத் தன் நிறத்தைக் காட்ட இங்கே இடமே கிடைக்கவில்லை.

அண்ணன் மகன் இங்கேதான் சரியான கேள்வியைக் கேட்டான். "எங்க ஊருலயும் மண்ணு இருக்கு, ஆறு இருக்கு. அங்க ஏன் இப்படி இல்ல?"

மண் இருந்தால் மட்டும் போதாது, அது மிதந்துகொண்டே இருக்க வேண்டும். மணல் துகள் பெரியது. கால் மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத நுண்மணலே ஒரு நொடிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கும், பத்து மீட்டர் ஆழத்தை இருபது நிமிடத்தில் கடந்துவிடும். களிமண் துகள் அப்படியல்ல. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குள்ள துகள், அசையாத நீரில் ஒரு நாள் முழுக்க இறங்கினாலும் ஒரு அடிதான் இறங்கும். கடல்நீரின் உப்பு அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்டிகளாக்குவதால் கொஞ்சம் வேகமாக விழும். ஆனால் அது விழுந்து அமர்வதற்கு இந்தக் கடல் நேரம் தருவதில்லை.

காரணம் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சராசரியாக மூன்றரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். ஒரு மாடி உயரத் தண்ணீர். ஆறு மணி நேரத்தில் அது தாணே கழிமுகத்துக்குள்ளும் மாஹிமுக்குள்ளும் மலாடுக்குள்ளும் ஏறி, அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே வருகிறது. அந்தக் கழிமுகங்களின் தரை முழுவதும் சேறு. ஒவ்வொரு முறையும் அந்தச் சேற்றை உழுதுவிட்டுத்தான் தண்ணீர் போகிறது. வடக்கே காம்பத் வளைகுடாவில் இன்னும் பெரிய ஓதம், அங்கே நர்மதையும் தபதியும் கொட்டும் வண்டல். தூத்துக்குடியில் ஓத வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. தாமிரபரணி கொண்டுவரும் மண் விழுந்தால் பெரும்பாலும் விழுந்த இடத்தில் கிடக்கிறது. காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் உங்கள் ஊர்க் கடலும் கலங்கித்தானே இருக்கும் என்று கேட்டேன். ஆமா, ஆடிமாசம் கலங்கியிருக்கும் என்று ஒப்புக்கொண்டான்.

இதை மும்பையிலேயே ஒரு வார இடைவெளியில் சோதிக்கலாம். இங்குள்ள கோலி மீனவர்கள் பெரிய ஓதத்தை உதாண் என்றும் சிறிய ஓதத்தைப் பாங் என்றும் சொல்வார்கள். பாங் நாட்கள் அஷ்டமியை ஒட்டி வரும். குளிர்காலத்தில், காற்றும் அலையும் அடங்கிய பாங் நாளில், நாற்பது சென்டிமீட்டரில் மறைந்த அதே இடத்துத் தட்டு ஒரு மீட்டர் வரை எனக்குத் தெரிந்திருக்கிறது. நிறமும் பழுப்பிலிருந்து மங்கலான பச்சைக்குப் போகும். சாக்கடைதான் காரணம் என்றால் அஷ்டமிக்கு அஷ்டமி கடல் தெளிய வேண்டியதில்லை.

சாக்கடை இல்லையா என்று கேட்டால், நிச்சயம் இருக்கிறது. வொர்லி, பாந்த்ரா இரண்டு இடங்களிலும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாய்கள் கழிவுநீரைக் கடலுக்குள் கொண்டுபோய் விடுகின்றன. கழிமுகங்கள் வழியாகவும் வருகிறது. கழிவுநீர் கருஞ்சாம்பலாகவும் நாற்றத்தோடும் இருக்கும், வாய்க்கால் வந்து சேரும் முகத்துவாரங்களில் அதைப் பிரித்தே பார்க்கலாம். ஆனால் நூறு கிலோமீட்டர் நீளக் கரையைப் பழுப்பாக்குவது அதுவல்ல. இங்கே ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். நோய்க்கிருமிக்கு நிறமில்லை. கடல் பச்சையாகத் தெளிந்திருக்கும் பாங் நாளிலும் கிருமி அளவு அதிகமாக இருக்கலாம், மண்கலங்கிய நீரில் குறைவாகவும் இருக்கலாம். பழுப்பைப் பார்த்து அழுக்கு என்று முடிவுகட்டுவது எவ்வளவு தவறோ, தெளிவைப் பார்த்துக் குளிக்க இறங்குவதும் அவ்வளவு தவறு.

பச்சை எங்கிருந்து வருகிறது? கரையிலிருந்து படகில் மேற்கே போகப்போக ஆழம் கூடும், ஓதம் தரையைத் தொட்டுக் கிளறுவது குறையும், மண் குறையும். அங்கே நீலம் உடனே வந்துவிடாது, முதலில் பச்சைதான் வரும். சில நாட்களில் பழுப்பும் பச்சையும் சந்திக்கும் கோடு, நுரையும் குப்பையும் வரிசையாக மிதக்க, தெளிவாகவே தெரியும். பச்சைக்குப் பொறுப்பு இரண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள். செடியின் இலை போலவே அவையும் பச்சையம் வைத்திருக்கின்றன. நீலத்தையும் சிவப்பில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டு பச்சையை விட்டுவிடும். இன்னொன்று, அழுகிய இலையும் பாசியும் கரைந்து நீரில் கலந்திருக்கும் மஞ்சள் பொருள், பால் ஊற்றாத வெளிறிய டீ போல. அதுவும் நீலத்தை விழுங்கும். இப்படி ஒரு பக்கம் நீலத்தை இவை தின்ன, மறுபக்கம் சிவப்பைத் தண்ணீர் தின்ன, நடுவில் தப்பிப்பது பச்சை மட்டும். மண் இருந்தால் ஒளி சீக்கிரமே திரும்பிவிடும் என்பதால் தண்ணீருக்குச் சிவப்பைத் தின்ன நேரமில்லை. மண் குறைந்தால் நேரம் கிடைக்கிறது. பழுப்புக்கும் பச்சைக்கும் இடையில் இருப்பது இந்த நேரம்தான்.

இந்த நுணுக்கம் தெரியாமல் செயற்கைக்கோள் படங்களைப் பார்ப்பவர்கள் ஏமாறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடல் நிறத்தைப் படம்பிடிக்க இந்தியா 1999இல் ஓஷன்சாட்-1 ஐ அனுப்பியது, பின்னால் வேறு இரண்டும் போயின. மீன் கிடைக்கக்கூடிய இடங்களைச் சொல்ல இந்தப் படங்கள் உதவுகின்றன, ஏனென்றால் பாசி இருக்கும் இடத்தில் மீனுக்கு உணவு இருக்கும். பழைய எளிய முறைகள் நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்துப் பாசியைக் கணக்கிட்டன. திறந்த கடலில் அது நன்றாக வேலை செய்கிறது. மும்பைக் கரையில் நீலத்தைக் குறைப்பது பாசியல்ல, மண். அதே சூத்திரம் இங்கே மண்ணைப் பாசி என்று படித்து, இல்லாத வளத்தைக் காட்டும். கரையோரப் படத்தில் பாசி அளவு ஆழ்கடலைவிடப் பல மடங்கு என்று காட்டினால் முதலில் மண்ணைச் சந்தேகப்படுங்கள்.

இதையெல்லாம் வீட்டிலேயே பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அண்ணன் மகனும் நானும் அதைத்தான் செய்தோம். ஒட்டுத்தாள் உரித்த கண்ணாடிப் பாட்டிலில் மரைன் டிரைவ் தண்ணீரை நிரப்பி, வீட்டு ஜன்னலோரம் வைத்தோம். ஆட்டக்கூடாது. மறுநாள் காலை அடியில் கண்ணிமை கனத்துக்கு ஒரு சாம்பல்பழுப்பு அடுக்கு, மேலே கிட்டத்தட்டத் தெளிந்த நீர். இரவு முழுக்க ஓதம் இல்லாத ஒரு கடலில் என்ன நடக்கும் என்பது அந்த அடுக்கு. அடுத்து, மேல்நீரைக் கலக்காமல் இறுத்து காபி வடிக்க விற்கும் காகித வடிகட்டியில் ஊற்றினோம். காகிதம் லேசாகப் பச்சைமஞ்சள் படிந்தால் பாசியும் மிச்சக் களிமண்ணும். ஆய்வகத்தில் இதற்குக் கண்ணாடி இழை வடிகட்டி வைத்திருப்போம், காகிதம் எல்லாவற்றையும் பிடிக்காது. கடைசியாக, வடிந்த நீரை உயரமான டம்ளரில் ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் வைத்து, மேலிருந்து பார்க்க வேண்டும். பக்கத்தில் அதே உயரத்துக்குக் குடிநீர். இரண்டுக்கும் இடையில் துளி மஞ்சள் தெரிந்தால் அதுதான் கரைந்த பொருள், அது எத்தனை நாள் வைத்தாலும் அடியில் தங்காது.

பாட்டிலை அவன் ஒருமுறை பலமாக ஆட்டினான். ஐந்து நொடியில் மரைன் டிரைவ் திரும்பி வந்தது. "இதத்தான் தினம் நாலு தடவ ஓதம் செய்யுது, என்ன அத்தை?" என்றான். ரெண்டு ஏற்றம், ரெண்டு வற்றம், சரியான கணக்கு.

ஊருக்குப் போன வாரத்தில் போன் செய்தான். முயல் தீவுப் பக்கம் போயிருந்தானாம், கடல் நல்ல நீலம், ஒரு பாட்டிலில் எடுத்துவந்து வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பார்த்தானாம். "அத்தை, எங்க கடல்லயும் நீலத்தக் காணோம். நிறமே இல்லாத வெறுந் தண்ணியாத்தான் இருக்கு."

"பாட்டில் எவ்வளவு உயரம்?" என்றேன்.

"ஒரு சாண் இருக்கும்."

ஒரு சாணில் சிவப்பு நூற்றில் ஏழெட்டுதான் குறையும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, தார்ப்பாயை உருட்டி ஆறு மீட்டருக்குக் குழாய் செய்தால் தெரியுமா என்று கேட்டான்.